மூன்றரை மணி டீக்கடை

ஆளுக்கு 39 ரூபாய். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஒன்பது மணிக்கு அணைத்து, வண்டியைக் கழுவிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கல்லாவை எண்ணினால் இருவருக்கும் சேர்த்து மிஞ்சியது 78 ரூபாய். அவர்கள் விற்கும் விலையிலேயே ஆளுக்கு இரண்டரை டீ குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் ஏறக்குறைய அதே கதைதான்.

கடை போட்டவர்கள் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். இடம் வடசென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் சாலை. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு பேரைத் தேடிக்கொண்டு நீங்கள் காசிமேட்டுக்குப் போக வேண்டாம். வண்டி டீக்கடையின் வரவு செலவைப் புரியவைப்பதற்காக நான் உண்டாக்கிக்கொண்ட ஆட்கள் அவர்கள். துறைமுகமும் அதன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நிஜம். ரூபாய் கணக்கு, கடைக்காரர்கள் போடும் விதத்தில் போட்டது. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறும். பெயர் சூட்டாமல், அவர்கள் படிக்கும் படிப்பாலேயே ஒருவனை பி.காம். என்றும் மற்றவனை மெக்கானிக்கல் என்றும் கூப்பிடுகிறேன். கல்லூரியில் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

இவர்கள் கடை போட்ட நேரத்தைப் பாருங்கள். சனி, ஞாயிறு, மாலை நான்கிலிருந்து ஒன்பது. ஏன் அந்த நேரம் என்று கேட்டால் உடனே பதில் வரும்: "சாயங்காலம்தானே எல்லாரும் டீ குடிப்பாங்க?" வார நாட்களில் அது சரி. டீக்கடைக்கு வார நாட்களில் இரண்டு உச்சம் உண்டு. காலை பதினொரு மணியை ஒட்டி ஒன்று, மாலை நான்கை ஒட்டி ஒன்று. இரண்டுமே வேலை செய்யும் இடத்திலிருந்து எழுந்து வருகிற கூட்டம். அலுவலகமும் பட்டறையும் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தக் கூட்டம் வீட்டில் இருக்கிறது. வீட்டில் பால் இருக்கிறது. வெளியே வருகிறவர்களும் பஜ்ஜிக்காக வருகிறார்கள், டீயை அதோடு சேர்த்துக் குடிக்கிறார்கள். பஜ்ஜி மாஸ்டர் வைத்திருக்கும் கடை ஒன்று தெருமுனையிலேயே இருக்கும்போது, டீ மட்டும் போடும் வண்டியை யார் தேடி வருவார்கள்? உண்மையைச் சொன்னால், அந்த நேரம் இவர்கள் இரண்டு பேருக்கும் ஓய்வாக இருந்தது. அதனால் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி ஒரு கிளாஸ் டீக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விலை 15 ரூபாய். கிளாஸுக்குச் சுமார் 75 மில்லி பால் போகிறது. லிட்டர் 60 ரூபாய் என்றால் அது நாலரை ரூபாய். டஸ்ட் டீத்தூள் ஒரு ரூபாய்க்கு, சர்க்கரை ஐம்பது பைசாவுக்கு. ஆக, ஊற்றிக் கொடுக்கும் சரக்கு 6 ரூபாய். ஒவ்வொரு கிளாஸும் கல்லாவில் விட்டுப்போவது 9 ரூபாய்.

பேப்பர் கப் இந்தக் கணக்கில் இல்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில் அடக்கம். பல கடைகளில் இன்னும் ஓடுகிறது என்பது வேறு விஷயம். இவர்கள் கண்ணாடி கிளாஸ் வாங்கினார்கள். அது பின்னால் ஒரு தலைவலியைக் கொண்டுவரும்.

ஒன்பது ரூபாய் என்றதும் நல்ல லாபமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு கிளாஸ்கூட விற்காவிட்டாலும் ஓடுகிற செலவு ஒன்று இருக்கிறது. தள்ளுவண்டி நாள் வாடகை 150. ஐந்து மணி நேரம் பாய்லரையும் பால் சட்டியையும் சூடாக வைத்திருக்கும் கேஸ் 160. தண்ணீர் கேன் இரண்டு 60. சோப்பு, துணி, இன்னபிற 30. மொத்தம் 400 ரூபாய். ஒன்பதால் வகுத்தால் நாற்பத்தைந்து கிளாஸ் வருகிறது. அந்த நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் கையில் ஒரு ரூபாய் நிற்கும்.

இவர்கள் மாலையில் விற்றது 62 கிளாஸ். 62 கிளாஸுக்கு 558 ரூபாய். 400 போனால் 158. அதிலும் 80 ரூபாய் சாக்கடைக்குப் போயிற்று. ஒவ்வொரு நாளும் கடைசியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் காய்ச்சிய பாலும் கொஞ்சம் டிகாஷனும் கொட்டினார்கள். மிச்சம் 78.

இந்த இடத்தில் எல்லாரும் செய்வதை இவர்களும் செய்து பார்த்தார்கள். ஏலக்காய் தட்டிப் போட்டார்கள். வண்டியில் சீரியல் பல்பு கட்டினார்கள். பி.காம். விலையை 12 ரூபாயாகக் குறைக்கச் சொன்னான். குறைத்திருந்தால் கிளாஸுக்கு 9 ரூபாய் நிற்கிற இடத்தில் 6 ரூபாய்தான் நிற்கும். அதே 558 ரூபாய் கிடைக்க 93 கிளாஸ் விற்க வேண்டும். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் தொண்ணூற்று மூன்று தொண்டைகள் வறண்டிருக்கவில்லை. நல்லவேளை, மெக்கானிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் செய்தது வேறு. ஒரு நோட்டை எடுத்து மணிவாரியாகக் கட்டம் போட்டான். ஒரு கிளாஸ் போனால் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டுக் கட்டு. அவ்வளவுதான். நான்கிலிருந்து ஐந்து வரை 6. ஐந்திலிருந்து ஆறு 17. ஆறிலிருந்து ஏழு 21. ஏழிலிருந்து எட்டு 12. எட்டிலிருந்து ஒன்பது 6. நாற்பத்தைந்தாவது கிளாஸ் எப்போது போகிறது என்று கூட்டிப் பாருங்கள்: ஏழு மணி தாண்டி. மாலை நான்கிலிருந்து ஏழு வரை இரண்டு பேரும் வண்டிக்காரருக்கும் கேஸ்காரருக்கும் உழைத்திருக்கிறார்கள். தங்களுக்காக உழைத்தது கடைசி இரண்டு மணி நேரம், அதுவும் கூட்டமே இல்லாத நேரத்தில்.

கடைசி ஒரு மணி நேரத்தைத் தனியாகப் பார்த்தால் இன்னும் மோசம். ஆறு கிளாஸ், 54 ரூபாய். அந்த ஒரு மணி நேரக் கேஸ் 32. மிச்சம் 22. அந்த நேரத்துக்காகப் புதிதாகக் காய்ச்சி, விற்காமல் கொட்டிய பால் 60. எட்டு மணிக்கே கடையைக் கட்டியிருந்தால் அதிகம் கிடைத்திருக்கும்! நாள் கணக்கு மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. வாடகையும் கேஸும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன, வரவு கிளாஸைப் பார்த்து வருகிறது. மணிவாரி நோட்டில்தான் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

டீ ருசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இதைத்தான். டஸ்ட் டீத்தூள் சில நிமிடங்களிலேயே சாற்றை விட்டுவிடும். அதற்கு மேல் வெந்நீரில் ஊறினால் கசப்பும் துவர்ப்பும்தான் இறங்கும். மணிக்கு ஐம்பது கிளாஸ் போகிற கடையில் துணிப்பைத் தூள் அடிக்கடி மாறுகிறது, டிகாஷன் எப்போதும் புதிது. மணிக்கு ஆறு கிளாஸ் போகிற கடையில் அதே டிகாஷன் முக்கால் மணி நேரம் நின்று கறுக்கிறது. பாலும் அப்படியே. சிறுதீயில் கொதித்துக்கொண்டே இருக்கும் பால் சுண்டி, ஆடை கட்டி, ஒரு வாடை பிடிக்கும். தண்ணீர் விட்டுச் சரிசெய்தால் நீர்த்துப்போகும். ஆக, கூட்டம் இல்லாத கடையில் டீ நன்றாக இருக்காது; டீ நன்றாக இல்லாததால் வந்தவர் திரும்ப வரமாட்டார். 'ருசியை மாற்றுவோம்' என்று ஏலக்காய் தட்டியது வீண்போனது அதனால்தான். மாற்ற வேண்டியிருந்தது டீயின் வயதை.

முதலில் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடை போட்டுப் பார்த்தார்கள். காசிமேட்டின் ஞாயிற்றுக்கிழமை சென்னை முழுக்கத் தெரிந்தது. நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் மீன் வாங்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இவர்கள் பத்து மணி வரை நின்றார்கள். ஆறிலிருந்து ஏழு 38, ஏழிலிருந்து எட்டு 34, அடுத்து 16, கடைசி மணியில் 7. மொத்தம் 95. நான்கு மணி நேரத்துக்கு நிரந்தரச் செலவு 370, கொட்டியது 45. கையில் 440 ரூபாய். முந்தைய 78-க்குப் பக்கத்தில் வைத்தால் கொண்டாட்டம்தான். பி.காம். அன்றைக்கே இன்னொரு வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

நோட்டை வைத்திருந்தவன் வேறொன்றைப் பார்த்தான். முதல் ஒரு மணி நேரமே உச்சமாக இருக்கிறது. திறந்த உடனேயே 38. கூட்டம் ஏறி உச்சத்துக்கு வந்ததை அவர்கள் பார்க்கவே இல்லை, இறங்குவதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஆறு மணிக்கு முன்னால் என்ன நடக்கிறது?

அதைச் சொன்னவர், சைக்கிள் கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் சுற்றும் ஒரு அண்ணன். ஆறரை மணிக்குக் காலி கேனோடு வெளியே வருவார்.

"இன்னா தம்பி, இப்பத்தான் கடை போடுறீங்க?"

"ஆமாண்ணே. கூட்டம் இப்பத்தானே வருது?"

"இது மீன் வாங்க வர்ற கூட்டம்ப்பா. வேலைக்கு வர்ற கூட்டம் மூணு மணிக்கே வந்துடும். போட்டுல இருந்து எறங்குறவன், கூடை தூக்குறவன், ஐஸ் தள்றவன், அல்லாரும் டீ இல்லாம நிக்க முடியுமா? எங்கிட்ட ஒரு கேன் தான்ப்பா. நாலரைக்கே காலி."

சைக்கிள் அண்ணனின் ஒரு கேன் நாலரைக்குத் தீர்ந்துவிடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தேவை இருக்கிறது, கொடுக்க ஆள் போதவில்லை. இதில் ஒரு தொழில் மரியாதையும் உண்டு. வண்டியைத் துறைமுகத்துக்குள் அவர் சுற்றும் இடத்தில் போடாமல், வெளிச் சாலையிலேயே நிறுத்துவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவர் கேன் தீர்ந்தால் இவர்கள் பாய்லரில் நிரப்பிக்கொண்டு போகலாம், கிளாஸ் கணக்கு இல்லாமல் மொத்த விலைக்கு. எதிரியாக வேண்டியவர் வாடிக்கையாளர் ஆனார்.

மூன்றரைக்குக் கடை திறப்பது சொல்வதுபோல் எளிதில்லை. முதல் சிக்கல் பால். பால் வண்டி முகவரிடம் வந்து இறங்கும் நேரமும் இவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. அரை மணி தாமதமானாலும் முதல் கூட்டம் போய்விடும். எனவே சனிக்கிழமை இரவே வாங்கி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். துறைமுகப் பகுதியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனுக்கு உடைக்கும் ஐஸ் அது. மூடிய பாக்கெட்டின் வெளிப்புறத்தைக் குளிர்விக்க மட்டுமே ஆகும், உருகிய தண்ணீர் பாலிலோ கிளாஸிலோ படக்கூடாது. பாக்கெட்டைத் துடைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இரவு வாங்கிய பாலை நம்பி மொத்தமாகச் சட்டியில் கொட்டவும் கூடாது. ஒரு பாக்கெட்டைத் தனியாகக் கொதிக்கவிட்டுப் பார்த்து, திரியவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்தது. ஒன்று கெட்டிருந்தால் முப்பது ரூபாயோடு போகும். பத்து லிட்டரில் கலந்துவிட்டால் அன்றைய கடையே போகும்.

முதல் ஞாயிறு எட்டு லிட்டர் கொண்டுபோனார்கள். நூற்று ஆறு கிளாஸ் ஆனதும் பால் தீர்ந்தது, மணி ஆறேகால். கூட்டம் வண்டியைச் சுற்றி நிற்கிறது, சட்டி காலி. அடுத்த வாரம் பதினாறு லிட்டர். இந்த முறை கிளாஸ் போதவில்லை.

கிளாஸ் விஷயம் எனக்குப் பிடித்த பகுதி. இவர்களிடம் 24 கிளாஸ் இருந்தது. ஒருவர் வாங்கிக் குடித்து வைக்க நான்கைந்து நிமிடம், கழுவ ஒரு நிமிடம். அப்படியானால் ஒவ்வொரு கிளாஸும் மணிக்குப் பத்து முறை சுற்றும். 24 கிளாஸில் மணிக்கு 240 டீ கொடுக்கலாம். இவர்களுக்கு வருவதோ ஐம்பது சொச்சம். காகிதத்தில் தாராளம். ஆனால் ஐம்பது பேர் நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லை. ஒரு ஏலம் முடிந்ததும் பதினைந்து பேர் ஒரே மூச்சில் வருவார்கள். மூன்று நிமிடத்தில் அடுத்த ஏலத்துக்கு ஓட வேண்டும். அதற்குப் பின்னாலேயே ஐஸ் வண்டிக்காரர்கள் பத்து பேர். பிறகு இருபது நிமிடம் ஈ ஓட்டலாம். கடை நிற்பதும் விழுவதும் அந்த மூன்று நிமிடத்தில்தான். டீ வருவதற்குள் கூப்பிட்டுவிட்டால் ஆள் போய்விடுவார், காத்திருக்கமாட்டார்.

இன்னும் 24 கிளாஸ் வாங்கினார்கள். அதைவிட முக்கியமாக, சும்மா இருக்கும் இருபது நிமிடத்தை என்ன செய்வது என்று பழகினார்கள். பன்னிரண்டு கிளாஸில் சர்க்கரை போட்டு வரிசையாக நிற்க வைப்பது. பையில் தூள் மாற்றுவது. அடுத்த பாலைக் கொதிக்கு ஒரு நிமிடம் முன்னால் வரை கொண்டுவந்து வைப்பது. ஏலக் குரல் ஓய்ந்தால் மெக்கானிக்கல் பாலைத் தூக்கி ஆற்றத் தொடங்குவான். பி.காம். காசும் கழுவலும். ஐந்து ரூபாய் நாணயம் அங்கே தங்கம். பதினைந்து ரூபாய் டீக்கு இருபது ரூபாய் நீட்டுகிறவர் பத்து பேர் வந்தால் சில்லறை தீர்ந்தது. சனிக்கிழமையே நாணயம் மாற்றி வைக்காவிட்டால் க்யூஆர் அட்டை மட்டும் காப்பாற்றாது, மீன் ஈரத்தோடு இருக்கும் கையில் யார் போனை எடுப்பார்கள்? சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏடு. அவர்களுக்குக் கூலி கைக்கு வருவதே ஏலம் ஓய்ந்த பிறகு. ஆறரை மணிக்கு வந்து மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். கடன் என்று அதைச் சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் பொறுப்பது, அவ்வளவே.

நேரம் மாறியபோது ஆட்களும் மாறினார்கள், ஆட்களோடு டீயும் மாறியது. மூன்றரையிலிருந்து ஐந்து வரை வருகிறவர்கள் ராத்திரி முழுக்க வேலை செய்தவர்கள். ஸ்ட்ராங்காக, சர்க்கரை தூக்கலாக, கூட ஒரு பொறை. ஐந்திலிருந்து ஆறுவரை கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருவில் விற்கப் போகும் அம்மாக்கள். அவர்களுக்குச் சூடு அதிகம் ஆகாது, ஆற்றிக் கொடுத்தால் இரண்டே மடக்கு, கிளம்பிவிடுவார்கள். ஆறுக்குப் பிறகு மீன் வாங்க வரும் குடும்பங்கள். லைட் ஒன்று, சர்க்கரை கம்மி ஒன்று, வித்தவுட் ஒன்று என்று ஒவ்வொன்றும் தனி ஆர்டர். இவர்கள் எப்போது டீ குடிக்கிறார்கள் என்பதையும் நோட்டு காட்டிக்கொடுத்தது. உள்ளே போகும்போது குடிப்பதில்லை. நல்ல மீன் போய்விடும் என்ற அவசரம். வாங்கிய மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் டீ ஞாபகம் வருகிறது. வண்டியை மீன் வெட்டும் வரிசை பார்வையில் படும்படி இருபதடி நகர்த்தினார்கள்.

நான்காவது ஞாயிறு நோட்டு இப்படி நின்றது: மூன்றரையிலிருந்து மணிக்கு மணி 38, 46, 52, 48, 26. மொத்தம் 210 கிளாஸ். அதிலிருந்து 1,890 ரூபாய். செலவும் கூடித்தான் இருந்தது: வாடகை அதே 150, கேஸ் 200, தண்ணீர் நான்கு கேன் 120, மற்றவை 30, ஆக 500. கொட்டியது வெறும் 30 ரூபாய்க்கு. கையில் 1,360, ஆளுக்கு 680. செலவை எடுக்கத் தேவையான ஐம்பத்தாறாவது கிளாஸ் ஐந்து மணி அடிப்பதற்குள் போய்விட்டது.

கொட்டுவது ஏன் குறைந்தது? விற்பனை கூடியது ஒரு காரணம். இன்னொன்று, எல்லாப் பாலும் அரை லிட்டர் பாக்கெட்டாக இருந்தது. மூடிய பாக்கெட் ஐஸ் பெட்டியில் இருக்கும்வரை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். சட்டியில் விழுந்தால் விற்றே ஆக வேண்டும். ஏழரைக்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். எட்டரைக்குக் கண்டிப்பாக அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்போதும் துறைமுகத்தில் கூட்டம் இருக்கும், இன்னும் ஏறிக்கொண்டேகூட இருக்கும். ஆனால் வெயிலும் ஏறிவிட்டது. அந்தக் கூட்டம் சர்பத்தும் மோரும் கேட்கும். ஆறிலிருந்து பத்துவரை நின்ற நாளின் கடைசி மணியைப் பாருங்கள்: ஏழு கிளாஸ், 63 ரூபாய், கேஸ் 32, கொட்டிய பால் 45. பதினான்கு ரூபாய் நட்டத்துக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார்கள்.

சனிக்கிழமையை என்ன செய்தார்கள்? அதே மூன்றரை மணியை அன்றைக்கும் வைத்துப் பார்த்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் குடித்தார்கள், குடும்பங்கள் வரவில்லை. எண்பது கிளாஸ், கையில் இருநூற்றுச் சொச்சம், அதற்கு இரண்டு பேரின் இரண்டு ராத்திரித் தூக்கம். சனியை விட்டுவிட்டார்கள். "மச்சான், ரெண்டு நாள் கடைன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சோம்" என்று பி.காம். கொஞ்சம் வருத்தப்பட்டான். வார இறுதி என்று நாம் சேர்த்துச் சொல்லும் இரண்டு நாளும் வியாபாரத்தில் ஒரே நாள் இல்லை. சனிக்கிழமை இப்போது சாமான் வாங்கவும், சில்லறை மாற்றவும், இரவு எட்டு மணிக்கே படுக்கவும். இரண்டு நாள் மாலை நின்று 156 ரூபாய் எடுத்தவர்கள் ஒரு காலையில் 1,360 எடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் இருவரின் உழைப்புக்குக் கூலி போடவில்லை. இரண்டரைக்கு எழுந்து ஒன்பதரைக்கு வண்டியை விடும்வரை ஏழு மணி நேரம். மணிக்கு ஆளுக்கு 97 ரூபாய் வருகிறது. மோசமில்லை. ஆனால் வண்டி சொந்தமில்லை, பாய்லர் தேய்மானம் இல்லை, கிளாஸ் உடைவதும் இல்லை என்று பாவித்துப் போட்ட கணக்கு அது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்கக்கூடாது, வணிக சிலிண்டர்தான். சாலையோரம் நிற்பதற்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் சின்னதாகத்தானே செய்கிறார்கள் என்று இவற்றைத் தள்ளிப்போட்டால், ஒரு நாள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரும் அதைக் கேட்கமாட்டார்கள்.

நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நோட்டை மூடி வைக்கவும் முடியாது. புரட்டாசியில் கவுச்சி நிறுத்தும் வீடுகள் அதிகம். அந்த மாத ஞாயிறுகளில் ஆறு மணிக் கூட்டம் பாதியாகும். ஞாயிற்றுக்கிழமையில் அமாவாசை வந்தாலும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் படகு போகாது, படகு போகாவிட்டால் மூன்றரை மணிக் கூட்டமே இல்லை. அதாவது ஒரு காரணம் முன்கூட்டத்தைக் குறைக்கும், இன்னொன்று பின்கூட்டத்தைக் குறைக்கும். சனி இரவு எத்தனை லிட்டர் வாங்குவது என்பதை நாட்காட்டியையும் வானிலைச் செய்தியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு ஞாயிறு விற்பனையை வைத்து அடுத்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் பி.காம். மாட்டிக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதற்காக. முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாள் ஆனது. நாட்டுப்படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் தடை இல்லை என்பதால் மார்க்கெட் முழுக்க மூடிவிடாது. ஆனால் விசைப்படகு ஏலத்தை நம்பிய விடியற்காலைக் கூட்டம் கரைந்துவிடும். தடை தொடங்கிய முதல் ஞாயிறு இவர்கள் விற்றது 84 கிளாஸ். அடுத்த ஞாயிறு 71. அதில் ஐந்து மணிக்கு முன் போனது ஒன்பது.

திறக்கும் நேரத்தை ஐந்துக்குத் தள்ளி, பாலை ஆறு லிட்டராக்கி, ஏதோ ஓட்டலாமா என்று பேசினார்கள். மெக்கானிக்கல் நோட்டைப் புரட்டிக் காட்டினான்: ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் தேறாது. அதே இரண்டு மாதத்தில்தான் செமஸ்டர் தேர்வும் இருந்தது. பாய்லரைக் கழுவி வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டு, வாடகை ஓடாமலிருக்க வண்டியை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஜூன் 14-க்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு வேண்டாம், போன படகுகள் மீனோடு திரும்பி ஏலம் பழையபடி சூடுபிடிக்கட்டும், அதற்கடுத்த ஞாயிறுக்கு வண்டி வேண்டும் என்று அவரிடம் சொல்லி, ஐம்பது ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.